இறுக்கிய போல்ட்டின் கணக்கு

போல்ட்டில் நட்டை இறுக்கும்போது போல்ட் ஓர் இழையளவு நீள்கிறது. அது கவ்விப் பிடித்திருக்கும் ஃபிளேஞ்சுகள் ஓர் இழையளவு நசுங்குகின்றன. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். நசுங்கிய ஃபிளேஞ்சுகள் விரியப் பார்க்கும். இந்த இழுபறியால், வெளியிலிருந்து எந்தச் சுமையும் வருவதற்கு முன்பே போல்ட்டில் தங்கிவிடும் இழுவிசைக்கு முன்சுமை என்று பெயர்.

ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரின் மூடியை எடுத்துக்கொள்ளலாம். மூடியும் சிலிண்டரின் ஃபிளேஞ்சும் இரும்போடு இரும்பாகப் பொருந்தியிருக்கின்றன. எண்ணெய் கசியாமலிருக்க 200 மி.மீ. விட்டமுள்ள ரப்பர் வளையம் ஒன்று பள்ளத்துக்குள் கிடக்கிறது. மூடியைப் பிடித்திருப்பவை 8.8 தரத்தில் 8 எம்16 போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் 6 டன் முன்சுமை ஏற்றப்பட்டிருக்கிறது. இத்தகைய போல்ட் 9 டன்னுக்குச் சற்று மேல் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். உள்ளே அழுத்தம் 50 பார் ஏறும்போது மூடியை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 16 டன். ஒரு போல்ட்டின் பங்கு 2 டன்.

ஏற்கெனவே 6 டன், அதன்மேல் 2 டன், ஆக 8 டன் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். உண்மையில் போல்ட்டில் ஏறுவது 2 டன் அல்ல. இந்த மூட்டில் 6 டன் விசை போல்ட்டை 0.1 மி.மீ. நீட்டுகிறது என்றும், அதே விசை ஃபிளேஞ்சுகளை 0.025 மி.மீ. மட்டுமே நசுக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது ஃபிளேஞ்சுகள் போல்ட்டைவிட 4 மடங்கு விறைப்பானவை. அழுத்தம் மூடியைத் தள்ளும்போது போல்ட் இன்னும் கொஞ்சம் நீள்கிறது. அதே அளவுக்கு ஃபிளேஞ்சுகளின் நசுங்கலும் தளர்கிறது. இரண்டுக்கும் நகர்வு ஒன்றுதான். ஆனால் விறைப்பான பொருளில் சிறு நகர்வும் பெரிய விசை மாற்றம். அதனால் 2 டன்னில் 5இல் 1 பங்கு, 0.4 டன், போல்ட்டில் ஏறுகிறது. மீதி 1.6 டன் ஃபிளேஞ்சுகளின் இறுக்கத்தைக் குறைப்பதில் கழிந்துவிடுகிறது. முடிவில் போல்ட்டில் 6.4 டன், முகங்களுக்கிடையே 4.4 டன் அழுத்தம். வித்தியாசம் சரியாக 2 டன்.

முகங்களுக்கிடையே அழுத்தம் மிச்சமிருக்கும்வரைதான் இந்தப் பங்கீடு செல்லும். ஒரு போல்ட்டுக்கு வரும் வெளி இழுப்பு 7.5 டன்னை எட்டினால் அந்த அழுத்தம் தீர்ந்து மூடி விலகத் தொடங்கும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவையும் போல்ட் ஒன்றியாகவே சுமக்க வேண்டும்.

சிலிண்டர் நாள் முழுதும் அழுத்தம் ஏறி இறங்கி வேலை செய்யும்போதுதான் இதன் அருமை தெரியும். நன்றாக இறுக்கிய போல்ட்டில் விசை 6க்கும் 6.4க்கும் இடையில் மட்டும் ஆடுகிறது. முன்சுமையே இல்லாத போல்ட்டில் 0க்கும் 2க்கும் இடையில் ஆடுகிறது. உச்சச் சுமை குறைவுதான். ஊசலாட்டமோ 5 மடங்கு. உலோகச் சோர்வில் ஆயுளை முதன்மையாகத் தீர்மானிப்பது இந்த ஊசலாட்டம். ஆகவே, குறைவாக இறுக்கினால் போல்ட் சேதமாகாது என்று கருதித் தளர்வாக விடுவது அதை முறிப்பதற்கான வழி. முறிவு பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையில் நிகழும். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் தொடங்கி வில்வில்லாகப் பரவிய வழுவழுப்பான பகுதியும், கடைசியில் ஒரே இழுப்பில் அறுந்த சொரசொரப்பான பகுதியும் தெரியும். முறிவதற்கு முன்பே ஃபிளேஞ்சு முகங்களின் விளிம்பில் செந்நிறத் தூள் கசிந்திருந்தால், முகங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று பொருள்.

முன்சுமையைச் சரியாக ஏற்றுவது எளிதல்ல. டார்க் ரெஞ்சு காட்டுவது முறுக்கை; போல்ட்டின் இழுவிசையை அல்ல. உலர்ந்த மரையில் 6 டன் கிடைக்க 190 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 10இல் 9 பங்கு உராய்விலேயே போய்விடும். மரையில் எண்ணெய் பூசிவிட்டு அதே அளவுக்கு முறுக்கினால் உராய்வு குறைந்து 8 டன்கூட ஏறிவிடலாம். இறுக்கி முடித்த பிறகும் பெயின்ட், பிசிறு, மேடுபள்ளம் எல்லாம் மெல்ல அமுங்கும். இந்த மூட்டில் மொத்தம் 0.01 மி.மீ. அமுங்கினாலே அரை டன் முன்சுமை காணாமல் போகும். போல்ட் நீளமாக இருந்தால் இறுக்கும்போது கூடுதலாக நீளும்; அதே அமுக்கத்தில் இழப்பதும் குறைவு. குட்டை போல்ட்டுகள் சீக்கிரம் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு முகங்களுக்கும் நடுவே மெத்தென்ற கேஸ்கெட் வைத்த மூட்டில் பங்கீடு தலைகீழாகிவிடும். அங்கே கவ்வப்பட்ட பக்கம் போல்ட்டைவிட நெகிழ்வானது என்பதால் வெளி இழுப்பின் பெரும்பங்கு போல்ட்டிலேயே ஏறும். 5இல் 1 பங்கு என்ற கணக்கு இரும்போடு இரும்பு பொருந்திய இந்த மூடிக்கு உரியது. கேஸ்கெட் மூட்டுக்கு அதை எடுத்துச் செல்லக் கூடாது.