'சம்மதம்'னா வெறும் கையெழுத்தா? நோயாளி உரிமை சாசனம் தமிழில் எங்கே தடுமாறுகிறது?

பாப்பாரப்பட்டியிலிருந்து ஆபரேஷனுக்காக தருமபுரிக்கு வரும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "சம்மதக் கையெழுத்து போடுங்கம்மா" என்கிறார். அவரும் போட்டுவிடுகிறார். எதற்குச் சம்மதித்தார் என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில கேட்டாங்க, போட்டேன்" என்பார். சட்டம் சொல்லும் ஒப்புதல் இதுதானா?

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமை சாசனம் 2018-ல் வெளியானது. அதில் 17 உரிமைகள். தமிழாக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை.

ஒப்புதல்: யாருடைய உரிமை?

இந்த உரிமையைச் சிலர் 'அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல்' என்று எழுதுகிறார்கள். அறிவுறுத்துவது என்றால் 'இப்படிச் செய்' என்று சொல்வது. ஆனால், சாசனம் சொல்வது வேறு. ஆபத்து வாய்ப்புள்ள பரிசோதனை, சிகிச்சைக்கு முன், அதன் விளைவுகளையும் மாற்று வழிகளையும் விளக்கிய பிறகே ஒப்புதல் கேட்க வேண்டும். 'நோயாளி ஒப்புதல் அளிக்க வேண்டும்' என்று எழுதினாலோ, உரிமை கடமையாக மாறிவிடும். 'விவரம் தெரிந்துகொண்டு சம்மதிக்கவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு' என்பதே சரியாக இருக்கும். 'மறுக்கவோ' என்ற சொல் இல்லாவிட்டால், 'சரி' சொல்வது மட்டும்தான் உரிமை என்றாகிவிடும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. சமீரா கோலி வழக்கில், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவருடைய தாயாரிடம் ஒப்புதல் வாங்கி கருப்பையை அகற்றினார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 'எதற்கு' என்பதைச் சொல்லாமல் 'சிகிச்சைக்குச் சம்மதம்' என்று பொதுவாக எழுதும் தமிழ்ப் படிவம், இந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது.

புகாரா, குறையா?

ஆங்கிலத்தில் ஒரே சொல் மருத்துவமனையில் இரண்டு அர்த்தம் தரும். நோயாளியின் வலி, தொந்தரவும் அதுதான். மருத்துவமனை மீதான புகாரும் அதுதான். 'குறைகளைத் தெரிவிக்கலாம்' என்று எழுதினால் இரண்டும் குழம்பும். போதாததற்கு, பெட்டியில் சீட்டு போடுவதோடு வேலை முடிந்தது போலவும் தோன்றும்.

சாசனத்தின் 17-வது உரிமை இன்னும் உறுதியானது. புகாருக்குப் பதிவு எண் தர வேண்டும். முடிவை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே 'புகார் கொடுத்து, பதிவு எண்ணும், 15 நாளில் எழுத்துப்பூர்வ பதிலும் பெறும் உரிமை' என்று முழுசாக எழுதினால்தான் அர்த்தம் தங்கும்.

எப்படிச் சோதிப்பது?

தமிழாக்கத்தை ஆங்கிலமே தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். 'கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லலாமா? புகார் கொடுத்தா அடுத்து என்ன நடக்கணும்?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் சொல்ல முடியாதுங்க' என்று பதில் வந்தால், திருத்த வேண்டியது அவரை அல்ல, அந்த வாக்கியத்தை.