சுருக்கங்களில் எண் பிறழ்வு

நீண்ட அறிக்கை ஒன்றைச் சில வரிகளில் சுருக்கும்போது, மூலத்தில் இருந்த எண்ணின் அளவோ பொருளோ மாறிவிடுவது எண் பிறழ்வு ஆகும். மிகையான முழுமையாக்கம், அலகு மாற்றத்தில் நேரும் பிழை, சதவீதத்தையும் சதவீதப் புள்ளியையும் ஒன்றாகக் கொள்வது ஆகிய மூன்றும் இதற்கு முதன்மைக் காரணங்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டு இவற்றைத் தெளிவாக விளக்கலாம்.

மூல எண்கள்

இந்தியாவின் மக்கள்தொகை 1991இல் 84.64 கோடி, 2001இல் 102.87 கோடி, 2011இல் 121.09 கோடி. 1991 முதல் 2001 வரையிலான பத்தாண்டு வளர்ச்சி வீதம் 21.54 சதவீதம், அடுத்த பத்தாண்டில் அது 17.70 சதவீதம். இவற்றை ஒருவர் பின்வருமாறு சுருக்குவதாகக் கொள்வோம்: "2001இல் 1 பில்லியனாக இருந்த மக்கள்தொகை 2011இல் 1.2 பில்லியன் ஆனது; வளர்ச்சி 20 சதவீதம். முந்தைய பத்தாண்டை விட வளர்ச்சி வீதம் 3.84 சதவீதம் குறைந்தது." படிக்கும்போது இதில் குறை எதுவும் தென்படாது. ஆனால் இதில் இரண்டு பிறழ்வுகள் உள்ளன.

முழுமையாக்கப் பிறழ்வு

102.87 கோடியை 1 பில்லியன் என்றும், 121.09 கோடியை 1.2 பில்லியன் என்றும் எழுதுவது தனித்தனியே பார்த்தால் பெரிய தவறன்று. ஒவ்வொன்றிலும் விலகல் 3 சதவீதத்திற்கும் குறைவு. சிக்கல் இவ்விரண்டையும் கழிக்கும்போது எழுகிறது. உண்மையான அதிகரிப்பு 18.21 கோடி, முழுமையாக்கிய எண்களின்படி 20 கோடி. இதனால் 17.70 ஆக இருந்த வளர்ச்சி வீதம் 20 ஆகிவிடுகிறது. இரண்டு பெரிய எண்களுக்கு இடையே உள்ள சிறிய வேறுபாட்டில் முழுமையாக்கத்தின் பிழை பெருகித் தெரியும். எனவே முதலில் மூல எண்களைக் கொண்டு கணக்கிட வேண்டும். விடையை மட்டுமே இறுதியில் முழுமையாக்க வேண்டும். சுருக்கத்தில் உள்ள வீதத்தை, அதே சுருக்கத்தில் உள்ள முழு எண்களிலிருந்து கணக்கிட்டதா என்று பார்த்தால் இப்பிழை வெளிப்படும். அந்த எண்கள் கச்சிதமாக 20 சதவீதத்தைத் தருவது ஐயத்திற்குரிய அடையாளம்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

வீதம் 21.54இலிருந்து 17.70 ஆனது. இரண்டின் கழித்தல் விடையான 3.84, சதவீதப் புள்ளிகளில் அமைந்தது. "3.84 சதவீதம் குறைந்தது" என்பதை அப்படியே பொருள்கொண்டால், 21.54இல் 3.84 சதவீதத்தைக் கழிக்க வேண்டும்; வீதம் 20.71 என்றாகும். இது மூலத்திற்கு மாறானது. சதவீதமாகவே சொல்வதானால், 3.84ஐ 21.54ஆல் வகுத்து, வீதம் ஏறத்தாழ 17.8 சதவீதம் குறைந்தது எனலாம். சோதிக்கும் முறை எளிது: பழைய மதிப்பில் சுருக்கம் கூறும் மாற்றத்தைச் செலுத்திப் புதிய மதிப்பு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையே மேலும் சுருக்கி "மக்கள்தொகை குறைந்தது" என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். குறைந்தது வீதம் மட்டுமே. முதல் பத்தாண்டில் கூடியவர்கள் 18.23 கோடி, இரண்டாவதில் 18.21 கோடி. கூடுதல் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்க, வகுக்கும் அடிப்படை எண் பெரிதானதால் வீதம் இறங்கியது.

அலகுப் பிறழ்வு

ஆங்கில அறிக்கைகளிலிருந்து தமிழில் சுருக்கும்போது மில்லியன், கோடியாக மாறுகிறது. 10 லட்சம் ஒரு மில்லியன். 10 மில்லியன் ஒரு கோடி. 100 கோடி ஒரு பில்லியன். எனவே 1,210 மில்லியன் என்பது 121 கோடி. இதை 12.1 கோடி என்று எழுதினால் இலக்கங்கள் மாறாதிருப்பதால் கண்ணுக்குப் பிழை எளிதில் புலப்படாது. அலகுப் பிழைகள் பெரும்பாலும் 10 மடங்கு, 100 மடங்கு என்றே அமையும். ஆகவே அவற்றைப் பிடிக்க, நன்கு தெரிந்த வேறோர் எண்ணுடன் ஒப்பிட்டாலே போதும். 2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. நாடு முழுவதற்கும் 12.1 கோடி என்றால், இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்! உண்மையான பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்.

இந்த ஒப்பீட்டிற்கு ஒரு வரம்பு உண்டு. 10 மடங்குப் பிழையை அது காட்டிக்கொடுக்கும், 17.70, 20 ஆனது போன்ற சிறு விலகலைக் காட்டாது. அதற்கு மூலத்தின் எண்களைக் கொண்டு மீண்டும் கணக்கிட வேண்டும்.

திருத்திய சுருக்கம்

"இந்தியாவின் மக்கள்தொகை 2001இல் 102.87 கோடியிலிருந்து 2011இல் 121.09 கோடியாக, அதாவது 17.7 சதவீதம் உயர்ந்தது. பத்தாண்டு வளர்ச்சி வீதம் முந்தைய 21.54 சதவீதத்தை விட 3.84 சதவீதப் புள்ளிகள் குறைவு." முந்தைய சுருக்கத்தைவிட இது சில சொற்களே நீளம். பழைய மதிப்பையும் உடன் தருவதால், படிப்பவரே கணக்கைச் சரிபார்க்க முடிகிறது.