பார்வைகள் கூடின: காரணம் எது?

ஆம்பூர்ப் பகுதியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை யூடியூபில் பதிவேற்றும் ஒரு பள்ளி அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி இறுதியில் ஆசிரியர் பத்துப் பாடங்களின் முகப்புப் படத்தையும் தலைப்பையும் மாற்றுகிறார். புதிய பாடங்களைக் காலைக்குப் பதில் இரவு ஏழு மணிக்கு வெளியிடுகிறார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெற்றோர் வீடு திரும்பிய பிறகே கைப்பேசி பிள்ளைகள் கைக்கு வரும் என்பது அவர் கணிப்பு. மார்ச்சில் பார்வைகள் கூடுகின்றன. "புதிய முகப்புப் படம்தான் காரணம்" என்று சொல்லிவிடலாமா? பொதுத்தேர்வும் அந்த நாள்களில்தானே நெருங்குகிறது!

நான் முதலில் கேட்கும் கேள்வி இது: ஆசிரியர் கை வைக்காத பழைய பாடங்களின் பார்வைகள் என்ன ஆயின? கணக்கை எளிதாக்க, மாற்றிய பத்தும் மாற்றாத பத்தும் முன்பு வாரம் சராசரியாக 40 பார்வைகள் பெற்றன என்று கொள்வோம். இப்போது மாற்றியவை 60, மாற்றாதவை 56. கூடிய 20 பார்வைகளில் 16, எந்த மாற்றமும் செய்யாமலே வந்திருக்கும். மாற்றத்தின் பங்கு 4 மட்டுமே. இரு தொகுதிகளும் ஒத்த பாடங்களாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். முக்கியமான பாடங்களை மட்டும் தேர்ந்து மாற்றியிருந்தால், அந்த 4-க்கும் தேர்வே காரணமாக இருக்கலாம்.

அடுத்து, பார்வைகள் எந்த வழியாக வந்தன என்பதை YouTube Studio காட்டும். YouTube search வழியே வந்தவை மட்டும் பெருகியிருந்தால், மாணவர்கள் தாமாகத் தேடி வருகிறார்கள் என்று பொருள். தேர்வின் தாக்கம் என்று ஐயுறலாம். ஆனால் தலைப்பு மாறினாலும் தேடலில் வருவது கூடும். முகப்புப் படம் வேலை செய்ததா என்பதை அறிய Impressions click-through rate உதவும். படம் நூறு முறை திரையில் தோன்றினால் எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதே அது. இதையும் தனியாக நம்பக்கூடாது. புதியவர்களுக்குப் பரவலாகக் காட்டப்படும்போது, படம் நன்றாக இருந்தாலும் இந்த விகிதம் குறையலாம்.

எண்ணும் முறையே மாறியிருக்கவும் கூடும். 2025 மார்ச் 31 முதல் Shorts காணொளி ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு பார்வையாக எண்ணுகிறது. எனவே அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள Shorts பார்வைகளை நேராக ஒப்பிடக்கூடாது.

காரணத்தைப் பிரித்தறிய நல்ல வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. வெளியிடும் நேரத்தை இரவு ஏழு மணி என்றே வைத்துக்கொண்டு, அடுத்த இருபது பாடங்களுக்கும் நாணயம் சுண்டலாம். தலை விழுந்தால் புதிய பாணிப் படம். பூ விழுந்தால் பழைய பாணி. தேர்வுக் காலம் இரு பக்கத்தையும் ஒன்றுபோலத் தொடும் என்பதால், ஒவ்வொரு பாடத்தின் முதல் ஏழு நாள் பார்வைகளை ஒப்பிடலாம். இருபது பாடங்கள் குறைந்த எண்ணிக்கைதான். இரண்டு மூன்று பார்வை வித்தியாசம் தற்செயலாகவும் வரும். வித்தியாசம் பெரிதாகவும் பெரும்பாலான பாடங்களில் ஒரே திசையிலும் இருந்தால் மட்டுமே படத்தைக் காரணம் என்று சொல்லலாம்.