ஊருக்குப் போனால் வயிறு ஏன் அடம் பிடிக்கிறது?

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலேறும் யாத்திரைக் குழுவில் 55 வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்தரைக்கு எழுந்து காபி குடித்தால் ஆறு மணிக்குள் காலைக்கடன் முடிந்துவிடும். ரயிலிலும் அதே நேரத்துக்கு வயிறு கூப்பிடுகிறது. கழிவறை வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். உள்ளேயோ கால் வைக்க முடியவில்லை. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று திரும்பி வந்துவிடுகிறார். அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார். மதியம் பிரெட், சாயங்காலம் பிஸ்கட். மூன்றாம் நாள் காசியில் இறங்கும்போது வயிறு கல்லாகிவிட்டது.

பழி வெளிச்சாப்பாட்டின் மேல் விழும். அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் முதல் சறுக்கல் அந்த ஆறு மணியில் நடந்துவிட்டது.

பெருங்குடல் நாள் முழுக்க ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இரவில் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். நாம் விழித்ததும் அசையத் தொடங்கும். வயிற்றில் ஏதாவது விழுந்தால் அந்த அசைவு வலுக்கும். காலை ஆகாரத்துக்குப் பிறகு வரும் அரை மணி நேரம்தான் பலருக்கு நல்ல நேரம். அப்போது பெரிய அலை ஒன்று மலத்தை மலக்குடலுக்குத் தள்ளுகிறது. நமக்கு வரும் உந்துதல் அதுதான். அடக்கினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மலம் உள்ளேயே தங்கும். குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பெருங்குடலுக்கு வரும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். தங்கத் தங்கக் காயும். காயக் காய வெளியேற மறுக்கும்.

அதனால் அந்த அம்மாவுக்கு முதலில் வேண்டியது மாத்திரை அல்ல, வரிசைக்கு முந்துவது. பெட்டியில் மற்றவர்கள் எழுமுன் நாலரைக்கே விழித்துக்கொள்ளலாம். பிளாஸ்கில் வெந்நீரோ காபியோ இருக்கட்டும். அதோடு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட வேண்டும். வெறும் காபியே சிலருக்குப் போதும். சாப்பாடும் சேர்ந்தால் தள்ளுதல் பலமாக இருக்கும். பத்து, இருபது நிமிடம் கழித்துப் போய்ப் பார்க்கலாம். வராவிட்டால் முக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். அடுத்த ஆகாரத்துக்குப் பிறகு இன்னொரு முறை முயலலாம். பகலில் எப்போது உந்துதல் வந்தாலும் அடக்கக் கூடாது.

தங்கும் விடுதியில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால், குந்தியே பழகியவர்களுக்கு இன்னொரு தடை. மலக்குடலைச் சுற்றி வளைத்திருக்கும் தசை, நாம் நிமிர்ந்து உட்காரும்போது அதை மடக்கிப் பிடித்த தண்ணீர்க் குழாய்போல வைத்திருக்கும். காலடியில் குட்டை ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி முன்னால் சாய்ந்தால் அந்த மடக்கு ஓரளவு நேராகும்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. போதுமான அளவு குடிப்பவர் கூடுதலாக இரண்டு லிட்டர் குடித்தால் பெரும்பாலும் சிறுநீர்தான் கூடும். குடிக்காமல் காய்ந்து போவதுதான் மலத்தை இறுக்கும். கழிவறைக்குப் பயந்தால் மணிக்கு அரை டம்ளர் என்று பிரித்துக் குடிக்கலாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

இசப்கோல் எடுப்பதென்றால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். அது வேலை செய்ய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். ஒரு டீஸ்பூனுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீரில்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். பிசாகோடைல் மாத்திரை ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலையைக் காட்டும். அதை விடுதியில் தங்கும் இரவில் போடலாம். ரயிலேறும் இரவில் போட்டால் தொல்லைதான். இரும்புச்சத்து மாத்திரையும், பஸ்ஸில் வாந்தி வராமலிருக்கப் போடும் சில மாத்திரைகளும்கூட மலத்தை இறுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நான்கைந்து நாள் போகாமல் இருந்த வயதானவருக்குத் திடீரென நீர்போலக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுவார்கள். கட்டியாக அடைத்த மலத்தைச் சுற்றி நீர் மட்டும் வழிவதாக இருக்கலாம். அந்த மாத்திரை அடைப்பை இன்னும் மோசமாக்கும். இவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் கடும் வலியும் வந்தால் மலமிளக்கி எதுவும் கொடுக்காமல் அடுத்த ஊரிலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.