ஆசிரியரின் நிலைப்பாடு எந்த வாக்கியத்தில் இருக்கிறது?

ஐ.ஐ.எம்.களில் மேலாண்மை மேற்படிப்பு சேர எழுதும் கேட் தேர்வின் முதல் பிரிவு ஆங்கிலம். சமீப ஆண்டுகளில் அந்தப் பிரிவுக்கு 40 நிமிடம், 24 கேள்விகள். அவற்றில் 16 கேள்விகள், நான்கு பாசேஜ்களைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். இந்தக் கேள்விகளில் தவறான விடைக்கு 1 குறையும். நான்கில் ஒன்றாவது கலை, மொழி, வரலாறு, தத்துவம் என்று எதையாவது எடுத்துக்கொண்டு, கையில் பிடிபடாத ஒரு வாதத்தை வைக்கும். பொறியியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

“வார்த்தையெல்லாம் புரியுது சார், என்ன சொல்ல வர்றார்னுதான் புரியலை” என்று அவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். மிகச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பொருளும் தெரிகிறது. அந்த வாக்கியம் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பது தெரிவதில்லை. ஆசிரியர் தாமே நம்புவதைச் சொல்கிறாரா, மறுப்பதற்காக இன்னொருவர் கருத்தை எடுத்து வைக்கிறாரா, காரணம் காட்டுகிறாரா, உதாரணம் தருகிறாரா? கேள்விகள் துருவுவது இதைத்தான். பாசேஜின் பொருளைப் பற்றி நமக்கு முன்பே ஏதாவது தெரிந்திருந்தாலும் அது இங்கே அதிகம் உதவாது.

ஒரு சிறிய பாசேஜை எடுத்துச் செய்து பார்த்துவிடலாம். தேர்வில் வருவது ஆங்கிலத்தில், சுமார் 500 சொல் நீளத்துக்கு இருக்கும். அதே கட்டமைப்பில் சுருக்கமாக ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வசதிக்காக வாக்கியங்களுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

(1) அசல் ஓவியத்துக்கும் போலிக்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாவிட்டால் இரண்டும் ஒரே அழகுதான். அசலை உயர்த்திப் பிடிப்பது வெறும் பகட்டு. (2) ஓவியத்தின் மதிப்பு கண்ணுக்குத் தெரிவதோடு முடிந்துவிடுகிறது என்றால் இந்த வாதத்துக்குப் பதிலே கிடையாது என்பது உண்மைதான். (3) ஆனால் ஓர் ஓவியத்தை மதிக்கும்போது, வரைந்தவர் தம் காலத்தில் தமக்குக் கிடைத்த வழிகளைக் கொண்டு எதைச் சாதித்தார் என்பதையும் சேர்த்தே மதிக்கிறோம். (4) போலி வரைபவர் அப்படி எதையும் புதிதாகக் கண்டடைய வேண்டியதில்லை; விடை ஏற்கெனவே அவர் கண்முன் இருக்கிறது. (5) எனவே அசலை விரும்புவதைப் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. (6) வான் மீகரன் வரைந்த ஓர் ஓவியத்தை 1937இல் கலை வரலாற்றாசிரியர் பிரெடியஸ் வெர்மீரின் படைப்பு என்று கொண்டாடினார். 1945இல் உண்மை வெளிவந்தபின் அதில் ஒரு தூரிகைக் கோடுகூட மாறவில்லை, மதிப்பு மட்டும் சரிந்தது. (7) சரிந்தது அதன் அழகு அல்ல. அங்கே என்ன சாதிக்கப்பட்டிருக்கிறது என்ற நம் நம்பிக்கை. (8) போலியில் திறமையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அது உரிமை கொண்டாடும் திறமை அதில் இல்லை, அவ்வளவுதான்.

வான் மீகரன் கதை உண்மையாக நடந்தது. போலி தவறாகக் காட்டுவது சாதனையைத்தான் என்று வாதிட்டவர்களில் தத்துவ அறிஞர் டெனிஸ் டட்டன் ஒருவர். ஆனால் தேர்வில் இந்தப் பெயர்களை அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ‘சிலர் சொல்கிறார்கள்’ என்ற அடையாளமே அதில் இல்லை. ஆசிரியரே அடித்துச் சொல்வது போன்ற தொனி. பலர் இதையே அவர் கருத்து என்று மனத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு வரும் எல்லாமே குழம்பிப் போகிறது. அதனால் முதல் வாக்கியத்துக்கு உடனே முத்திரை குத்தக்கூடாது. இரண்டாவதில் ‘உண்மைதான்’ என்று வருகிறது. தாம் முழுதாக ஏற்காத ஒன்றுக்குத்தான் ஒருவர் அப்படிப் பாதி இடம் விட்டுக்கொடுப்பார். ஆங்கிலத்தில் ‘கிராண்டட்’, ‘டு பி ஷ்யூர்’, ‘அட்மிட்டட்லி’ என்று வந்தால் அதே வேலைதான்: இதோ விட்டுக்கொடுக்கிறேன், அடுத்துத் திரும்பப் போகிறேன் என்ற அறிவிப்பு. மூன்றாவதில் ‘ஆனால்’ வந்ததும் ஐயம் தீர்ந்துவிடுகிறது. (1) பிறர் கருத்து, (2) விட்டுக்கொடுத்தல். பின்னால் வந்த வாக்கியம்தான் முன்னால் போனதன் வேலையைச் சொன்னது. இத்தகைய பாசேஜை ஒரு வாக்கியம் தள்ளியே குறிக்க வேண்டும்.

அடுத்து, ஆசிரியரின் நிலைப்பாடு எது? (3), (5), (7) மூன்றுமே அழுத்தமாக ஒலிக்கின்றன. இதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு வாக்கியங்களை எடுத்து நடுவில் ‘ஏனென்றால்’ போட்டுப் பாருங்கள். ‘அசலை விரும்புவது பகட்டு அல்ல, ஏனென்றால் ஓவியரின் சாதனையையும் சேர்த்தே மதிக்கிறோம்’ என்பது ஓடுகிறது. ‘சாதனையையும் சேர்த்தே மதிக்கிறோம், ஏனென்றால் அசலை விரும்புவது பகட்டு அல்ல’ என்று திருப்பினால் இடிக்கிறது. ஆகவே (3) தாங்குவது, (5) தாங்கப்படுவது. எல்லாக் காரணங்களும் எதை நோக்கிப் போகின்றனவோ, தான் வேறு எதற்கும் காரணமாகாமல் எது நிற்கிறதோ, அதுவே நிலைப்பாடு. முதல் வரியிலோ கடைசி வரியிலோ அது இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இங்கே நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

காரணங்களிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. (3) மட்டும் இருந்தால் (5) கிடைக்காது. சாதனையை மதிக்கிறோம், சரி. போலி வரைந்தவரும் அதே சாதனையைச் செய்திருந்தால்? அந்த வழியை அடைப்பது (4). இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு வரும். இதைக் கவனித்துவிட்டால் பிறகு வரும் கடினமான கேள்வி பாதி விடையாகிவிடும். (6) உதாரணம், (7) அந்த உதாரணத்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விளக்கம், (8) தம் வாதம் எவ்வளவு தூரம் போகும் என்று ஆசிரியரே போட்டுக்கொள்ளும் எல்லை.

கேட் தேர்வில் பாசேஜ் திரையில் இருக்கும். அதன்மேல் பேனாவால் கோடு போட முடியாது. கையில் தரும் வெள்ளைத்தாள்தான் உண்டு. அதில் எழுத வேண்டியது மிகக் கொஞ்சம்:

```
1 பி   2 ஒ
3+4 → 5 நி
6 எ.கா   7 வி
8 எல்லை
```

பி என்பது பிறர் கருத்து, ஒ என்பது ஒப்புக்கொண்டது, நி என்பது நிலைப்பாடு, வி என்பது விளக்கம். உண்மையான பாசேஜில் எல்லா வாக்கியத்துக்கும் எண் போட நேரம் கிடையாது. பத்திக்கு ஓர் எண், வாதம் திரும்பும் இடத்துக்கு ஒரு குறி, நிலைப்பாட்டுக்குத் தன் சொல்லில் அரை வரி, இவ்வளவு போதும். பாசேஜையே சுருக்கி எழுத ஆரம்பித்தால் நேரம் போய்விடும். வேறு 8 கேள்விகளும் அதே 40 நிமிடத்தில் இருப்பதால், படிப்பது, பதில் சொல்வது இரண்டும் சேர்த்து ஒரு பாசேஜுக்கு 8 நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

இனி கேள்விகள். வான் மீகரனை ஆசிரியர் எதற்காகக் குறிப்பிடுகிறார்? ‘நிபுணர்களும் ஏமாறுவார்கள் என்று காட்ட’ என்று ஒரு விடை இருக்கும். பிரெடியஸ் ஏமாந்தது உண்மை, பாசேஜிலும் இருக்கிறது. ஆனால் தாளில் 6ஐ அடுத்து 7 இருக்கிறது. உதாரணத்தின் வேலையைச் சொல்வது அந்த 7. ஓவியம் மாறாமலே மதிப்பு மாறியதற்குக் காரணம் சாதனை பற்றிய நம்பிக்கை என்று காட்டவே கதை வந்தது. பாசேஜில் இருக்கிறது என்பதற்காக ஒரு விடை சரியாகிவிடாது. கேட்ட வேலையை அது செய்ய வேண்டும்.

ஆசிரியர் எதை ஏற்பார் என்ற கேள்விக்கு ‘போலி ஓவியங்களுக்குக் கலை மதிப்பு எதுவும் இல்லை’ என்று ஒரு விடை கண்ணைப் பறிக்கும். அவர் கட்சியின் பக்கம்தான் அது, ஆனால் அவரைவிடத் தூரம் போகிறது. 8இல் ‘எல்லை’ என்று குறித்தவர் அதில் விழமாட்டார். ‘எதுவும்’, ‘எப்போதும்’, ‘மட்டுமே’ போன்ற சொல்லைக் கண்டால் உடனே தாளில் எல்லை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பாசேஜிலும் அதே அழுத்தம் இருந்தால் அந்த விடை சரியாகவும் இருக்கலாம்.

மிகக் கடினமானது, வாதத்தைப் பலவீனமாக்குவது எது என்ற கேள்வி. இரண்டு விடைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று: அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மற்றது: வான் மீகரன் எந்த ஓவியத்தையும் பார்த்து வரையவில்லை, வெர்மீர் வரைந்திராத காட்சியைப் புதிதாக அமைத்தார், பழைய வண்ணம் போல இறுகச் செய்யத் தாமே வழி தேடினார்.

முதலாவது ஆசிரியரை அடிப்பது போலத் தோன்றும். உண்மையில் அது அவரைத் தொடவே இல்லை. கண்ணால் வேறுபாடு தெரியாது என்பதை வைத்துக்கொண்டுதானே அவர் 3ஐ எழுப்பினார்? விட்டுக்கொடுத்த இடத்தை மீண்டும் தாக்குவதால் பயன் இல்லை. இரண்டாவது நேராக 4இன்மேல் விழுகிறது. விடை கண்முன் இருந்தது என்பது பொய்த்தால், 3+4இல் ஒரு கால் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், இது நடந்த உண்மையும்கூட: அவர் வரைந்தது நகல் அல்ல, புதுக் காட்சி, வண்ணத்தை இறுக்க பேக்கலைட் பிசினைக் கலந்தார். அதனால் ஆசிரியர் தோற்றுவிட்டார் என்று ஆகாது. வெர்மீரின் பாணியைக் கண்டெடுத்தது வெர்மீர்தான் என்று அவர் இன்னும் வாதிடலாம். பலவீனப்படுத்து என்றால் வீழ்த்து என்று பொருளல்ல. காரணங்களில் ஒன்றையாவது ஆட்டங்காண வைத்தால் போதும்.

இந்தக் குறியீடு எல்லா பாசேஜுக்கும் ஒரே அளவு பயன்படாது. ஓர் உயிரினத்தின் வாழ்க்கையையோ ஒரு நகரத்தின் வரலாற்றையோ விவரித்துக்கொண்டு போகும் பாசேஜில் ‘நி’ என்று குறிக்க இடமே இருக்காது. அங்கே எதையாவது வலிந்து நிலைப்பாடாக்கினால் அதுவே தவறான விடைக்கு இட்டுச்செல்லும். இரண்டு கருத்துகளை எதிரெதிரே வைத்துவிட்டு ஆசிரியர் எந்தப் பக்கமும் சாயாமல் நிறுத்துவதும் உண்டு. அப்போது ‘பி1’, ‘பி2’ என்று இரண்டையும் குறித்து, நிலைப்பாட்டின் இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்ததாகச் சொல்லும் விடை வந்தால் அதை அடித்துவிட அந்தக் காலி இடம் போதும்.