டேபிள் ரீடிங் முடிந்ததும் என்ன சொல்வது?

படப்பிடிப்புக்கு முன்பு நடிகர்களோ நண்பர்களோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து, திரைக்கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிப்பதை டேபிள் ரீடிங் என்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். காட்சி விவரிப்பைப் படிக்கத் தனியாக ஒருவர். எழுதியவர் எதையும் படிக்காமல் பென்சிலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பது நல்லது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், 110 பக்கம் படிக்க இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும்.

படித்து முடித்தவுடன் வரும் கருத்துகளில் பெரும்பாலானவை மருந்துச் சீட்டாகவே இருக்கும். "இங்க ஒரு ஃப்ளாஷ்பேக் வைங்க", "அந்த ஃபோன் சீனைத் தூக்கிடுங்க" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுதியவருக்குத் தேவைப்படுவது, கேட்டவருக்கு எந்தப் பக்கத்தில் என்ன நேர்ந்தது என்பதுதான். "48ஆம் பக்கத்தில் தங்கை மறுத்தபோது எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது" என்பது பயன்படும் குறிப்பு. அதில் இடம் இருக்கிறது, நேர்ந்தது இருக்கிறது. வைத்தியத்தை எழுதியவர் பார்த்துக்கொள்வார்.

ஓர் உதாரணக் கதையை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு. அண்ணன் விற்க நினைக்கிறான், தங்கை கையெழுத்துப் போட மறுக்கிறாள். வாசிப்பு முடிந்ததும் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு, 48ஆம் பக்கத்தில் அவள் மறுப்பது வெறும் பிடிவாதமாகப் படுகிறது. இன்னொருவருக்கு இடைவேளைக்குப் பிறகு கதை இழுக்கிறது. மூன்றாமவர், "கடைசியில அவ மனசு மாறுறது நம்புற மாதிரி இல்ல" என்கிறார்.

வந்த வரிசையிலேயே திருத்த உட்கார்ந்தால் 48ஆம் பக்கத்தில் நாலு வசனம் கூடும், இடைவேளைக்குப் பின் இரண்டு காட்சி குறையும், முடிவில் ஓர் அழுகை சேரும். கதை அப்படியேதான் இருக்கும். மூன்று குறிப்புகளையும் அருகருகே வைத்து, இவற்றுக்குப் பொதுவான காரணம் என்னவென்று தேட வேண்டும். அந்த வீடு தங்கைக்கு என்ன என்பது பார்வையாளருக்குத் தெரியவே இல்லை! அதனால் மறுப்பு பிடிவாதமாகிறது. அதை ஈடுகட்ட எழுத்தாளர் பிற்பாதியில் விளக்கிக்கொண்டே போகிறார், அதுதான் இழுவை. அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரியாததால் முடிவும் ஒட்டவில்லை. நோவு தெரிகிற இடம் ஒன்று, அதன் வேர் வேறிடம். பல நேரம் அந்த வேர் முப்பது நாற்பது பக்கங்கள் முன்னால் கிடக்கும்.

இந்தக் கதையில் அது 12ஆம் பக்கம். அங்கே அண்ணன் புரோக்கரோடு பேசுகிறான், தங்கை காபி கொண்டுவந்து வைக்கிறாள். அதே காட்சியில் அவள் திண்ணையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கட்டும். வாசலில் அளவு கொடுக்க இரண்டு பெண்கள் நிற்கட்டும். வீடு போனால் பிழைப்பும் போகும் என்பது ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடும். இடைவேளைக்குப் பிறகு வருகிற விளக்கக் காட்சி தானாகவே தேவையற்றதாகிவிடும்.

திருத்தத் திட்டம் என்பது இதை எழுதி வைப்பதுதான். காரணம் ஒன்று, அதன் கீழ் அது தீர்க்கும் குறிப்புகள், அதனால் தொடவேண்டிய மற்றக் காட்சிகள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 61ஆம் பக்கத்தில் தங்கை "எனக்குன்னு ஒரு வேலை இருக்கா?" என்று கேட்டால், தையல் மெஷின் வந்த பிறகு அந்த வசனம் பொய்யாகிவிடும். வேலையின் வரிசையும் முக்கியம்: முதலில் கதையமைப்பு, பிறகு பாத்திரம், அதன்பின் தனித்தனிக் காட்சி, வசனம் கடைசி. வெட்டப்போகிற காட்சியின் வசனத்தை இழைத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. ஏற்காத குறிப்புகளையும் தூக்கிப் போடாமல், ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். அடுத்த வாசிப்பில் அதே குறிப்பு வேறொருவர் வாயிலிருந்து வந்தால் மறுபடி யோசிக்க அது உதவும்.

கருத்துக் கேட்கும்போது எழுதியவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கூட்டம் கெட்டுவிடும். "இல்லங்க, அவ ஏன் அப்படிப் பண்றான்னா..." என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பிறகு எல்லோரும் தாளில் இல்லாத கதையைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குப் பதில், கேட்டவர்களில் ஒருவரைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். அவர் தாண்டிப் போகிற காட்சியும், மாற்றிச் சொல்கிற காரணமும் எந்தக் கேள்வியைவிடவும் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

மேசை வாசிப்புக்கு எல்லையும் உண்டு. வசனமில்லாத காட்சி அங்கே தட்டையாகத்தான் கேட்கும், அதை வைத்து வெட்டிவிடக் கூடாது. கைதேர்ந்த நடிகர் சுமாரான வசனத்தையும் தூக்கி நிறுத்திவிடுவார். ஆனால் படிப்பவர் ஒரே வரியில் இரண்டு தடவை தடுக்கினால், அது அநேகமாக வரியின் குற்றம்தான். திருத்திய பிரதியைப் படிக்கும்போது, முன்பு கேட்காத இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஏற்கெனவே கேட்டவர்களுக்குத் தங்கையின் கதை தெரியும். 12ஆம் பக்கம் தன் வேலையைச் செய்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியாது.