அதே குழந்தை, அதே மெத்தை: பெரம்பலூர்ல அடங்கின வீசிங் கடலூர்ல ஏன் கிளம்புது?

இன்னைக்கு எபிசோட் டஸ்ட் மைட் பத்தி. தமிழ்ல தூசி உண்ணின்னு சொல்லலாம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துல இருந்து வேலைக்காக கடலூர், நாகப்பட்டினம், சென்னைன்னு கடலோரத்துக்குக் குடிபோற குடும்பங்கள் நிறைய. அங்க போனதும் குழந்தைக்குக் காலையில அடுக்குத் தும்மல், ராத்திரி இருமல், வீசிங்னு ஆரம்பிக்கும். கோடை லீவுக்கு ஊருக்கு வந்தா குறையும். "தண்ணி ஒத்துக்கல"ன்னு வீட்ல சொல்வாங்க. ஆனா இதுக்குக் காரணம் பல நேரம் குடிக்கிற தண்ணியில இல்ல, காத்துல இருக்கிற தண்ணியில இருக்கு.

மைட் நம்மளக் கடிக்காது. கண்ணுக்கும் தெரியாது, கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல் துகள்தான் அதுக்குச் சாப்பாடு. அலர்ஜி வர்றதுக்கு முக்கியக் காரணம் அதோட எச்சத்துல இருக்கிற புரதம். 1960-கள்ல நெதர்லாந்தோட லெய்டன் நகரத்துல வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மான்னு ரெண்டு ஆய்வாளர்கள், வீட்டுத் தூசி அலர்ஜிக்குப் பின்னாடி இருக்கிறது இந்த மைட்தான்னு காட்டினாங்க.

இதுக்குத் தண்ணி குடிக்கத் தெரியாது. முன்னங்கால் பக்கத்துல இருக்கிற சுரப்பியில உப்புக் கரைசல் ஒண்ணு ஊறும். அதுதான் காத்துல இருக்கிற ஈரத்தை உடம்புக்குள்ள இழுக்குது. காத்து வறண்டா அந்த உப்பு கட்டியாகி வழி அடைச்சுக்கும், மைட் மெல்ல மெல்லக் காய்ஞ்சு சாகும். ஒரு நாளோட சராசரி ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ இருந்தா, நடுவுல சில மணி நேரம் ஏறினாலும் அதுங்களால பெருக முடியாது.

இப்போ ரெண்டு படுக்கையறைய எடுத்துக்குவோம். ரெண்டுலயும் ராத்திரி 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். காத்துல இருக்கிற நீராவி அப்படியே இருக்க, பெரம்பலூர்ல மதியம் வெயில் 38 டிகிரிக்கு ஏறுது. சூடான காத்தால அதிக நீராவியைத் தாங்க முடியும், அதனால ஈரப்பதம் 46 சதவீதமா இறங்கிடும். கடலூர்ல கடல்காத்து அடிச்சு 33 டிகிரியிலயே நின்னுடுதுன்னு வைங்க. அதே நீராவிக்கு அங்க 60 சதவீதம். கடல்காத்து கொண்டு வர்ற புது ஈரம் இந்தக் கணக்குல சேரல. அதனால உள்நாட்டுக் கோடை மைட்டைத் தினமும் கொஞ்ச நேரமாவது காயப்போடுது. கடலோரத்துல அந்த இடைவேளையே கிடைக்கிறதில்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில ரெண்டு ஊரும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

ஊர்லயே இந்த வசதியை நாம கெடுத்துக்கிறதும் உண்டு, ஏர் கூலரால. அது தண்ணியை ஆவியாக்கி அறைக்குள்ள தள்ளுது. கதவு சன்னலைச் சாத்திட்டு ஓடவிட்டா ஈரப்பதம் 70-ஐ எளிதா தாண்டிடும். மைட் அலர்ஜி இருக்கிற குழந்தை தூங்குற அறைக்கு ஃபேன் போதும். அரியலூர்ல பலரும் சிமெண்ட் லாரித் தூசியைக் குறை சொல்வாங்க. அது மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும்தான், ஆனா மைட் வாழுறது ரோட்டுல இல்ல, மெத்தையில. எது காரணம்னு ஊகிக்க வேண்டாம். தோல்ல ஒரு சொட்டு வச்சுக் குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்ட்டோ ரத்தப் பரிசோதனையோ மைட்டுக்கு பாசிட்டிவா வந்த பிறகு கீழ சொல்றதுக்குச் செலவு பண்ணுங்க.

முதல் வேலை உறை. கடலோரத்துல காத்தைக் காயவைக்கிறது கஷ்டம், அதனால மைட்டை மெத்தைக்குள்ளயே பூட்டிடணும். மெத்தை, தலையணை ரெண்டுக்கும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுற நெருக்கமான நெசவு உறை வேணும். துணியோட துளை 10 மைக்ரானுக்குள்ள இருக்கணும். மைட் எச்சம் பெரும்பாலும் அதைவிடப் பெருசு. ஒரு பக்கம் திறந்த சாதாரண தலையணை உறை இதுக்கு உதவாது. ரெக்சின் உறையும் தடுக்கும், ஆனா வேர்க்கும். மேல ஒரு காட்டன் பெட்ஷீட் போட்டுக்கலாம்.

ரெண்டாவது, சுடுதண்ணி. பெட்ஷீட், போர்வை, மேல் உறை எல்லாத்தையும் வாரம் ஒருமுறை துவைக்கணும். பச்சைத் தண்ணி எச்சத்தைப் பெரும்பாலும் அடிச்சுட்டுப் போயிடும், ஆனா மைட் தப்பிச்சுக்கும். அது சாக 55 டிகிரிக்கு மேல சூடு வேணும். வாஷிங் மெஷின்ல 60 டிகிரி செட்டிங் இருந்தா வேலை முடிஞ்சது. இல்லன்னா பக்கெட்ல அரைப் பங்கு குழாய்த் தண்ணி, அதுமேல அரைப் பங்கு கொதிக்கிற தண்ணி. 28-உம் 100-உம் சேர்ந்தா 64 டிகிரி வரும். காய்ஞ்ச துணியை உடனே முக்கி மூடி வையுங்க, அரை மணி நேரம் ஊறட்டும். குழந்தைங்க பக்கத்துல வராமப் பார்த்துக்கோங்க.

மொட்டை மாடி வெயில் பாட்டி காலத்து வைத்தியம், அதுக்குப் பலன் இருக்கு. ஆனா இலவம்பஞ்சு மெத்தை தடியா இருந்தா மைட் சூடு படாத உள்பக்கம் நகர்ந்துடும். அதனால திருப்பித் திருப்பிப் போடணும். செத்தாலும் எச்சம் உள்ளேயே இருக்கும். மெத்தையைத் தட்டுற நேரம் குழந்தை கீழ் வீட்ல இருக்கட்டும்.

ஏசி இருந்தா ட்ரை மோடு உதவும். ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணைக் கட்டில் பக்கத்துல வையுங்க. ஏசி அணைச்ச ஒரு மணி நேரத்துல எண் மறுபடி 70-ல நிக்குதுன்னா ஏசியை மட்டும் நம்பாதீங்க, உறைதான் காப்பாத்தும். ஏர் ப்யூரிஃபையரை நான் பட்டியல்ல கடைசியா வைப்பேன். மைட் எச்சம் கனமானது, கிளறினாப் பறந்து சீக்கிரமே படிஞ்சிடும். குழந்தையோட மூக்கு இருக்கிறது தலையணை மேல, மெஷின் இருக்கிறது மூலையில.

எவ்வளவு பலன் கிடைக்கும்? இங்கிலாந்துல மைட் அலர்ஜியும் ஆஸ்துமாவும் இருந்த 284 குழந்தைகளை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2017-ல வெளியாச்சு. ஒரு வருஷத்துல ஆஸ்துமா முத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க சாதாரண உறை போட்டவங்கள்ல 41.5 சதவீதம், மைட் தடுப்பு உறை போட்டவங்கள்ல 29.3 சதவீதம். ஆனா வாய்வழி ஸ்டீராய்டு தேவைப்பட்டது பெருசா குறையல. அதனால இன்ஹேலரை நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சு வாங்கி விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுத்தா அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்.

காலண்டர்ல ராத்திரி இருமின நாளை மட்டும் குறிச்சுட்டு வாங்க. ரெண்டு மூணு மாசத்துல அந்த எண் குறையலன்னா, குழந்தை உண்மையில எங்க தூங்குதுன்னு பாருங்க. பல வீடுகள்ல உறை போட்ட கட்டில் காலியா இருக்கும்; குழந்தை ராத்திரி பாட்டி பக்கத்துல, பழைய இலவம்பஞ்சுத் தலையணையில தூங்கிட்டு இருக்கும். அடுத்த உறை அந்தத் தலையணைக்கு.